திருத்தப் பிரதிக்குக் கூடுதல் அவகாசம் கேட்பது எப்படி: களப்பணியோ உடல்நலக் குறைவோ குறுக்கிடும்போது

ஆய்விதழிலிருந்து "பெரும் திருத்தம் தேவை" என்று முடிவு வந்திருக்கிறது. கெடு நெருங்குகிறது. நீங்களோ களத்தில் இருக்கிறீர்கள், அல்லது படுக்கையில் இருக்கிறீர்கள். இந்த நிலையில் முதன்முறை அவகாசம் கேட்பவர்கள் எழுதும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மூன்று பத்தி மன்னிப்பு, இரண்டு பத்தி விளக்கம், கடைசியில் "இன்னும் கொஞ்சம் அவகாசம் தந்தால் உதவியாக இருக்கும்" என்ற ஒரு வரி. இதைப் படிக்கும் பதிப்பாசிரியருக்குத் தான் எதை அனுமதிக்க வேண்டும் என்பதே தெரியாது.

அவருக்கு வேண்டியவை இரண்டுதான். திருத்தப் பிரதி எந்தத் தேதியில் வரும்? அந்தத் தேதியை நம்பலாமா? கடிதம் எழுதப் பத்து நிமிடம் போதும். அந்தத் தேதியைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ஆகவே கீழே உள்ள படிகளில் பாதி, கடிதம் எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

1. உண்மையான கெடு எது என்று பாருங்கள்

முடிவுக் கடிதத்தில் ஒரு தேதியோ, "60 நாட்களுக்குள்" என்பது போன்ற ஒரு காலமோ இருக்கும். அதோடு நிறுத்திவிடாமல் இதழின் இணையவழிச் சமர்ப்பிப்புத் தளத்துக்குள் சென்று அங்கே காட்டப்படும் தேதியையும் பாருங்கள். Editorial Manager தளத்தில் "Submissions Needing Revision" என்ற பகுதியில் உங்கள் கட்டுரை இருக்கும். ScholarOne Manuscripts தளத்தில் முடிவு வந்த கட்டுரைகளின் பட்டியலில் இருக்கும். இரண்டு தேதிகளும் வேறுபட்டால், முந்தைய தேதியையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்ததும் திருத்தப் பிரதியை ஏற்றும் இணைப்பைப் பல இதழ்களில் தளம் தானாகவே மூடிவிடும். மனிதர் யாரும் முடிவெடுத்து மூடுவதில்லை என்பதால், அந்த நேரத்தில் கெஞ்சிக் கேட்கவும் எதிரே ஆள் இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. Editorial Manager தளத்தில் "Submit Revision" என்ற இணைப்புக்குப் பக்கத்தில் "Decline to Revise" என்றும் ஒன்று இருக்கும். "இப்போதைக்கு முடியாது" என்று தெரிவிக்கும் பொத்தான் அது என்று நினைத்துச் சிலர் அழுத்திவிடுகிறார்கள். திருத்தவே போவதில்லை என்று கட்டுரையைக் கைவிடுவதற்கான பொத்தான் அது. தெரியாமல் அழுத்திவிட்டால் அன்றே பதிப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

முடிவுக் கடிதத்தை இன்னொரு முறை முழுதாகப் படியுங்கள். "அவகாசம் தேவைப்பட்டால் இந்த முகவரிக்கு எழுதவும்", "கெடுவுக்குப் பின் வருவது புதிய சமர்ப்பிப்பாகக் கருதப்படும்" போன்ற வரிகள் அதன் அடிப்பகுதியில்தான் இருக்கும். மதிப்பாய்வாளர் கருத்துகளைத் தேடும் வேகத்தில் அவற்றை எல்லோரும் தாண்டிவிடுகிறோம்.

2. மதிப்பாய்வாளர்களின் கருத்துகளை மூன்றாகப் பிரியுங்கள்

அவகாசம் கேட்கும் முன் வேலையின் அளவு தெரிய வேண்டும். எல்லாக் கருத்துகளையும் ஒரு தாளில் எண்ணிட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி இடுங்கள்: எழுத்தளவில் தீர்வது, ஏற்கெனவே இருக்கும் தரவை மறுபடி பகுப்பாய்ந்தால் தீர்வது, புதிதாக ஏதாவது சேகரித்தால் மட்டுமே தீர்வது.

இந்தப் பிரிவினையால் இரண்டு பலன்கள் கிடைக்கும். பல நேரங்களில், மலைபோலத் தோன்றிய திருத்தத்தில் பெரும்பகுதி முதல் வகை என்று தெரியவரும். அப்படியானால் அவகாசமே தேவைப்படாமல் போகலாம், அல்லது இரண்டு வாரம் போதும். மூன்றாம் வகையில் ஒன்றாவது இருந்தால், நீங்கள் எழுத வேண்டிய கடிதமே வேறு. அதைப் படி 7-இல் பார்க்கலாம்.

படுக்கையில் இருப்பவருக்கு இதைச் செய்யவும் தெம்பு இருக்காது. அப்போது சக கட்டுரையாளர் ஒருவரிடம் இந்தத் தாளை ஒப்படையுங்கள்.

3. தேதியைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஆற்றுப் பூச்சிகளைப் பற்றிய ஒரு கட்டுரை. மார்ச் 3 அன்று "பெரும் திருத்தம்" என்று முடிவு வருகிறது. 60 நாள் கெடு, அதாவது மே 2. ஆனால் மார்ச் 20 முதல் ஏப்ரல் 24 வரை கட்டுரையாளருக்குக் களப்பணி. அந்தப் பருவத்தில் போகாவிட்டால் அடுத்த ஆண்டுதான். களத்தில் இணையம் வாரம் ஒருமுறை கிடைத்தால் பெரிது.

மதிப்பாய்வாளர்கள் இருவரும் சேர்ந்து 14 கருத்துகள் தந்திருக்கிறார்கள். ஒன்பது எழுத்து சார்ந்தவை. மூன்றுக்குப் புள்ளியியல் மறுபகுப்பாய்வு வேண்டும். மீதி இரண்டுக்கு ஆய்வகத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் மாதிரிகளை மீண்டும் நுண்ணோக்கியில் பார்த்து இனங்களை உறுதிசெய்ய வேண்டும். புதிய சேகரிப்பு எதுவும் இல்லை.

களம் புறப்படும் முன் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம் இருக்கிறது. எழுத்து சார்ந்த ஒன்பதையும் அதற்குள் முடிக்கலாம். ஆய்வகமும் பகுப்பாய்வும் திரும்பிய பிறகுதான். ஏப்ரல் 24-இல் திரும்புபவர் 25-ஆம் தேதி காலையில் நுண்ணோக்கி முன் உட்காருவார் என்று கணக்குப் போடாதீர்கள். கொண்டுவந்த மாதிரிகளைப் பிரித்து வைக்கவும் ஓய்வெடுக்கவும் சில நாள் போகும். ஏப்ரல் 28 முதல் தொடங்குவதாகக் கொள்வோம். மாதிரிகளைப் பார்க்க ஒரு வாரம், மறுபகுப்பாய்வுக்கு ஒரு வாரம், முடிவுகள் பகுதியையும் பதில் கடிதத்தையும் எழுத ஒரு வாரம். மே 18 ஆகிவிடும். சக கட்டுரையாளர்கள் படித்துத் திருத்த பத்து நாள். மே 28. ஏதாவது பிசகினால் சமாளிக்க ஒரு வாரம். ஆகவே கேட்க வேண்டிய தேதி ஜூன் 5.

புதியவர்கள் விடும் பெரிய பிழை இந்தக் கணக்கில்தான். கேட்கக் கூச்சப்பட்டு "இரண்டு வாரம்" என்று எழுதுவார்கள். எடுத்துக்காட்டில் உள்ளவர் அப்படிக் கேட்டிருந்தால் மே 16 கிடைத்திருக்கும். அன்று பகுப்பாய்வு முடிந்து எழுத்து பாதியில் நிற்கும், இரண்டாவது கோரிக்கை எழுத வேண்டிவரும். பதிப்பாசிரியர் பார்வையில், தாமதமாக வரும் ஒரு தேதியைவிட, தள்ளிக்கொண்டே போகும் தேதி மோசமானது. மதிப்பாய்வாளர்களிடம் "ஜூன் முதல் வாரம் பிரதி வரும்" என்று அவர் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். "எப்போது வரும் என்று தெரியாது" என்று சொல்லி யாரையும் காத்திருக்கச் சொல்ல முடியாது. மதிப்பாய்வாளர்களுக்குக் கட்டுரை மறந்துபோவதும், அவர்கள் வேறு வேலைகளில் இறங்கிவிடுவதும்தான் தாமதத்தில் அவருக்குள்ள உண்மையான கவலை.

தேவைக்கு மேல் ஆறு மாதம் என்று கேட்டு வைப்பதும் சரியல்ல. "அவ்வளவு காலம் ஆகுமானால் புதிய சமர்ப்பிப்பாகவே அனுப்புங்கள்" என்ற பதில் வர அது வழி செய்யும்.

4. சக கட்டுரையாளர்களிடம் முதலில் பேசுங்கள்

அவர்கள் படிக்க எடுத்துக்கொள்ளும் காலம் உங்கள் கணக்கில் இருப்பதால் அவர்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதோடு, "இந்தத் திருத்தத்தை நானே முடித்துவிடுகிறேன், அவகாசம் வேண்டாம்" என்று யாராவது முன்வரவும் கூடும். கோரிக்கை போன பிறகு இது தெரிய வந்தால் சங்கடம்.

5. யாருக்கு எழுதுவது, எப்போது எழுதுவது

முடிவுக் கடிதத்தில் கையெழுத்திட்டிருப்பவர்தான் பெரும்பாலும் உங்கள் கட்டுரையைக் கையாளும் பதிப்பாசிரியர். கடிதம் அவர் பெயருக்கு இருக்கட்டும், நகல் பதிப்பு அலுவலகத்துக்குப் போகட்டும். அவகாசம் தரலாமா என்று முடிவெடுப்பவர் அவர். தளத்தில் தேதியை மாற்றுவது பல இதழ்களில் அலுவலகத்தின் வேலை. இருவரில் ஒருவருக்கு மட்டும் எழுதினால், அனுமதி கிடைத்தும் தேதி மாறாமல் போகலாம், அல்லது கடிதம் அலுவலகத்திலேயே நின்றுவிடலாம். முடிவுக் கடிதம் பதில் பெறாத தானியங்கி முகவரியிலிருந்து வந்திருந்தால் அதற்குப் பதில் அனுப்பிப் பயனில்லை. இதழின் தொடர்புப் பக்கத்தில் உள்ள முகவரியைப் பயன்படுத்துங்கள். எழுதுபவர் தொடர்புக் கட்டுரையாளராக இருக்க வேண்டும்.

கட்டுரை சிறப்பிதழுக்கு உரியதானால் முதலில் விருந்தினர் பதிப்பாசிரியரைக் கேளுங்கள். சிறப்பிதழில் எல்லாக் கட்டுரைகளும் சேர்ந்து வெளிவர வேண்டியிருப்பதால் கெடு இறுக்கமாக இருக்கும். அங்கே மறுப்பு வந்தால், கட்டுரையை அதே இதழின் வழக்கமான இதழ் ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம்.

எப்போது என்ற கேள்விக்கு என் பதில்: தேதியைக் கணக்கிட்ட அன்றே. களப்பணி முன்பே தெரிந்த விஷயம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் மார்ச் இரண்டாம் வாரத்திலேயே, களம் புறப்படும் முன், எழுதிவிட வேண்டும். பதில் வரும்போது நீங்கள் இணையத்தில் இருப்பீர்கள், தேதி மாறியதைச் சரிபார்க்கவும் முடியும். "களத்திலிருந்து திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுபவர்கள் ஏப்ரல் 25 அன்று அவசரக் கடிதம் எழுதுகிறார்கள். மார்ச் 20-இலேயே தெரிந்திருந்த காரணத்தை ஏப்ரல் 25-இல் சொல்வது அந்தக் காரணத்தையே வலுவிழக்கச் செய்துவிடும்.

உடல்நலக் குறைவுக்கு இப்படி முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பது எந்தப் பதிப்பாசிரியருக்கும் தெரியும். முடிகிற முதல் நாளில் எழுதுங்கள், அவ்வளவுதான்.

6. கடிதத்தை எழுதுங்கள்

கட்டுரை எண்ணைத் தலைப்பு வரியிலேயே போடுங்கள். பதிப்பாசிரியர் ஒரே நேரத்தில் பல கட்டுரைகளைக் கையாள்கிறார். எண் இல்லாவிட்டால் தேடிப் பிடிக்கும் வேலையை அவர் தலையில் வைக்கிறீர்கள். முதல் பத்தியிலேயே கோரிக்கையும் தேதியும் வந்துவிட வேண்டும். பிறகு காரணம், ஓரிரு வாக்கியத்தில். பிறகு வேலை எங்கே நிற்கிறது என்பது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். தேதியை நம்பலாம் என்ற உறுதியை அவருக்குத் தருவது அதுதான்.

கீழே உள்ள உள்ளடக்கத்தை உங்கள் இதழ் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில் எழுதிக்கொள்ளுங்கள்.

> பொருள்: கட்டுரை எண் (...): திருத்தப் பிரதிக்கு ஜூன் 5 வரை அவகாசக் கோரிக்கை
>
> மதிப்பிற்குரிய முனைவர் (...) அவர்களுக்கு,
>
> (தலைப்பு) என்ற எங்கள் கட்டுரையின் திருத்தப் பிரதிக்கு மே 2 கெடுவாகத் தரப்பட்டுள்ளது. அதை ஜூன் 5 வரை நீட்டிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> மார்ச் 20 முதல் ஏப்ரல் 24 வரை, பருவத்தைச் சார்ந்த, தள்ளிவைக்க இயலாத களப்பணியில் இருப்பேன். அங்கே இணைய வசதியும் எங்கள் மாதிரிகளைப் பார்க்கும் வாய்ப்பும் இருக்காது.
>
> மதிப்பாய்வாளர்களின் 14 கருத்துகளில் எழுத்து சார்ந்த ஒன்பதைப் புறப்படும் முன் முடித்துவிடுவோம். மறுபகுப்பாய்வு கேட்கும் மூன்றையும், மாதிரிகளை மீண்டும் ஆராயக் கேட்கும் இரண்டையும் திரும்பியபின் செய்து, சக கட்டுரையாளர்களின் ஒப்புதலுடன் அனுப்புவோம்.
>
> இந்தத் தேதி இதழின் திட்டத்துக்குப் பொருந்தாது என்றால், எந்தத் தேதி வரை இயலும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். அவகாசம் அளிக்க இயலுமானால், சமர்ப்பிப்புத் தளத்திலும் தேதியை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> நன்றியுடன்,
> (பெயர், தொடர்புக் கட்டுரையாளர்)

தேதியில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். 5/6 என்பதைச் சிலர் ஜூன் 5 என்று படிப்பார்கள், சிலர் மே 6 என்று படிப்பார்கள். "நான்கைந்து வாரம்" என்றும் எழுதாதீர்கள். அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்ற குழப்பம் வரும்.

உடல்நலம் காரணமானால் இரண்டாம் பத்தி மட்டும் மாறும். "உடல்நலக் குறைவால் கடந்த மூன்று வாரங்களாக வேலை செய்ய இயலவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து பகுதி நேரமாகப் பணிக்குத் திரும்புகிறேன்." இது போதும். நோயின் பெயர், சிகிச்சை விவரம், மருத்துவச் சான்றிதழ் எதுவும் முதல் கடிதத்தில் தேவையில்லை. அவகாசம் தர பதிப்பாசிரியருக்கு அவை வேண்டியதில்லை. பல பேர் பார்க்கக்கூடிய அலுவலக முகவரிக்குப் போகும் கடிதம் அது என்பதையும் மறக்காதீர்கள். குடும்பத்தில் ஒருவரைக் கவனிக்க வேண்டியிருந்தாலும் இதே அளவு சொன்னால் போதும். விரிவாகச் சொன்னால்தான் நம்புவார்கள் என்ற பயத்தில் ஆய்வாளர்கள் தங்கள் நோய் வரலாற்றையே எழுதி அனுப்புவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. யாரும் அதைக் கேட்கவில்லை.

எப்போது குணமாகும் என்றே தெரியாத நிலையும் உண்டு. அப்போது பொய்யாக ஒரு தேதி தர வேண்டாம். "ஏப்ரல் 15-க்குள் என் நிலையைத் தெரிவித்து, அப்போது ஒரு தேதியைச் சொல்கிறேன். அதுவரை கட்டுரையைத் திறந்து வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். திருத்தப் பிரதியின் தேதி இல்லாவிட்டாலும், உங்களிடமிருந்து எப்போது செய்தி வரும் என்ற தேதியாவது அவர் கையில் இருக்கும். எழுதவே முடியாத நிலையில் சக கட்டுரையாளரோ ஆய்வு வழிகாட்டியோ உங்கள் சார்பில் எழுதலாம். உங்களையும் நகலில் சேர்த்து, உங்கள் சம்மதத்துடன் எழுதுவதாகச் சொன்னால் போதும்.

7. மதிப்பாய்வாளர் கேட்டதே புதிய களப்பணி என்றால்

"இன்னொரு பருவத்தின் தரவு இல்லாமல் இந்த முடிவை ஏற்க முடியாது" என்று ஒரு மதிப்பாய்வாளர் எழுதியிருக்கலாம். இதைப் படித்ததும் ஓராண்டு அவகாசம் கேட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தத் தரவு கட்டாயம் வேண்டும் என்று பதிப்பாசிரியர் கருதுகிறாரா?

மதிப்பாய்வாளர் சொல்வது பரிந்துரை, முடிவு பதிப்பாசிரியருடையது. ஆகவே இரண்டு வழிகளை முன்வைத்து எழுதுங்கள். ஒன்று, இருக்கும் தரவை வைத்துக்கொண்டு முடிவுகளின் வீச்சைக் குறைத்து, ஒரே பருவத் தரவு என்ற வரம்பை வெளிப்படையாக எழுதி, இப்போதுள்ள கெடுவுக்குள் அனுப்புவது. மற்றது, அடுத்த பருவத்தில் தரவு சேகரித்து அனுப்புவது. அதற்கு எந்த மாதம் வரை ஆகும் என்பதையும் சொல்லுங்கள். "இவற்றில் எதை விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். முதல் வழி போதும் என்று அவர் எழுத்தில் சொன்னால், பதில் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு மதிப்பாய்வாளருக்கு விளக்கலாம். இரண்டாவது வழிதான் என்றால், அவ்வளவு நீண்ட காலம் கட்டுரையைத் திறந்து வைக்க முடியாமல் புதிய சமர்ப்பிப்பாக அனுப்பச் சொல்லக்கூடும். அப்படியானால் முந்தைய எண்ணைக் குறிப்பிடலாமா, அதே மதிப்பாய்வாளர்களுக்கே அனுப்புவார்களா என்று அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

8. பதில் வந்த பிறகு தளத்தைத் திறந்து பாருங்கள்

"சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற மின்னஞ்சல் வந்தாலும் வேலை முடியவில்லை. தளத்தில் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் பழைய தேதிக்கான நினைவூட்டல்கள் வந்துகொண்டிருக்கும், அந்த நாளில் இணைப்பு மூடவும் கூடும். இரண்டு நாளில் மாறவில்லை என்றால், அனுமதி மின்னஞ்சலை இணைத்து அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். இடையில் பதிப்பாசிரியர் மாறினால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

புதிய தேதியிலும் கடைசி மணி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். தளத்தின் கடிகாரம் வேறு நாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

9. பதில் வராவிட்டால், அல்லது கெடு கடந்துவிட்டால்

ஒரு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சல் தொடரில் சுருக்கமாக நினைவூட்டுங்கள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கும் பதில் இல்லை என்றால் முதன்மைப் பதிப்பாசிரியருக்கு எழுதலாம். இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம்.

கெடு கடந்து இணைப்பு மூடியிருந்தால், பதற்றத்தில் புதிய கட்டுரையாக ஏற்றிவிடாதீர்கள். புதிய எண் விழும், முதலில் கிடைத்த நாள் என்று அச்சாகும் தேதி மாறலாம், வேறு மதிப்பாய்வாளர்களிடம் போய் எல்லாம் முதலிலிருந்து தொடங்கலாம். முதலில் அலுவலகத்துக்கு எழுதி இணைப்பை மீண்டும் திறக்கக் கேளுங்கள். திருத்தப் பிரதி தயாராக இருந்தால் "இன்றே ஏற்ற முடியும்" என்று சொல்லுங்கள். பாதி முடித்த பிரதியை இடம்பிடிக்க ஏற்றுவதும் ஆபத்து. அது அப்படியே மதிப்பாய்வுக்குப் போய்விடும்.

10. இரண்டாம் முறை கேட்க நேர்ந்தால்

கேட்கலாம். ஆனால் முதல் கடிதத்தையே தேதி மாற்றி அனுப்பாதீர்கள். சொன்ன வேலைகளில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று எழுதுங்கள். 14-இல் 12 முடிந்து, ஆய்வகக் கருவி பழுதாகி இரண்டு மட்டும் நிற்கின்றன என்றால் அது தெளிவான செய்தி. மூன்றாம் முறை கேட்கும் நிலை வந்தால், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தயாரானதும் புதிதாக அனுப்ப அனுமதி கேட்பது இருவருக்கும் நல்லது.

திருத்தப் பிரதியை ஏற்றும்போது முகப்புக் கடிதத்தில், எந்தத் தேதி வரை, யார் அவகாசம் தந்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள். அலுவலகத்தில் பிரதியைச் சரிபார்ப்பவர் அவகாசம் தந்தவராக இல்லாமல் இருக்கலாம்.